மையக்கோட்டு முறை: மூலையில் கழிக்காதீர்கள், முட்டும் முனைகளை எண்ணுங்கள்

கேள்வி: ஐந்து அறை உள்ள ஒரு மாடியில்லா வீடு. வெளிச்சுவர் மையத்திலிருந்து மையம் 10 மீ × 8 மீ. நடுவே நீளவாக்கில் ஒரு சுவர், முன்பக்கம் ஒரு குறுக்குச் சுவர், பின்பக்கம் இரண்டு. சுவர் எல்லாம் 30 செ.மீ. மையக்கோட்டு முறையில் மொத்த நீளம் 56.3 மீ என்று எடுத்து, 90 செ.மீ அகலம், 1 மீ ஆழமுள்ள அஸ்திவாரப் பள்ளத்துக்கும் அதையே போட்டேன். 50.67 கன மீட்டர் வந்தது. நண்பர் நெடுஞ்சுவர் குறுஞ்சுவர் முறையில் போட்டு 48.51 என்கிறார். யார் சரி? டி சந்திப்புக்கு அரை அகலம் கழிப்பது எந்தச் சுவரின் அகலம்? நான்கு மூலைகளுக்கும் ஏதாவது கழிக்க வேண்டுமா?

பதில்:

நண்பர் சொல்வதுதான் சரி. ஆனால் உங்கள் 56.3 மீட்டரும் தப்பில்லை. அது 30 செ.மீ சுவருக்கான நீளம். அதைக் கொண்டுபோய் 90 செ.மீ பள்ளத்தில் வைத்ததுதான் பிசகு. மையக்கோட்டு முறையில் மாறாமல் இருப்பது, ஒன்றும் கழிக்காத மொத்த மையக்கோட்டு நீளம் மட்டும்தான். கழித்த பிறகு வரும் நீளம் ஒவ்வொரு அகலத்துக்கும் வேறு. பள்ளத்துக்கு ஒன்று, அடிப்படிக்கு ஒன்று, பேஸ்மென்ட் சுவருக்கு ஒன்று, மேல் சுவருக்கு ஒன்று.

மூலையிலிருந்து தொடங்குவோம், அது சட்டென்று முடிந்துவிடும். ஒரு தாளில் எல் வடிவத்தில் இரண்டு மையக்கோடுகள் வரையுங்கள். இரண்டும் சந்திக்கும் புள்ளியோடு நிற்கட்டும். இப்போது ஒவ்வொரு கோட்டுக்கும் இருபுறமும் 15 செ.மீ விட்டு 30 செ.மீ பட்டையாக நிழலிடுங்கள். மூலையின் உள்பக்கம் 15 × 15 செ.மீ அளவில் ஒரு சின்னச் சதுரம் இரண்டு பட்டையிலும் விழும், அதாவது இரண்டு முறை எண்ணப்படும். மூலையின் வெளிப்பக்கம் அதே அளவு சதுரம் ஒன்று எந்தப் பட்டையிலும் விழாமல் வெள்ளையாகவே நிற்கும். உள்ளே கூடியதும் வெளியே குறைந்ததும் ஒரே அளவு. கணக்கு தானாக நேராகிவிடுகிறது. அதனால் எல் மூலைக்குக் கழிப்பதும் இல்லை, கூட்டுவதும் இல்லை. பள்ளத்துக்குப் போட்டால் அந்தச் சதுரங்கள் 45 × 45 செ.மீ ஆகும், முடிவு அதேதான்.

ஒரு சுவர் 30, இன்னொன்று 20 என்று இருந்தாலும் இது மாறாது. அப்போது உள்ளே 10 × 15 செவ்வகம் இரண்டு முறை வரும், வெளியே 10 × 15 செவ்வகம் விடுபடும். அளவு மறுபடியும் சமம். ஒரே நிபந்தனை, ஒவ்வொரு சுவரையும் அதனதன் மையக்கோட்டில் அளந்திருக்க வேண்டும். "மூலைக்கு மூலை அரை அகலம் கழி" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உங்கள் வீட்டில் அப்படிக் கழித்தால் பள்ளத்தில் மட்டும் 4 × 0.45 × 0.9, அதாவது 1.62 கன மீட்டர் குறைந்துவிடும்.

டி சந்திப்புக்கு இந்த ஈடுகட்டல் கிடையாது. நீண்டு போகும் சுவர் ஒன்று, அதன் விலாவில் வந்து முட்டும் சுவர் ஒன்று. முட்டும் சுவரின் மையக்கோடு, போகும் சுவரின் மையம் வரை அளக்கப்பட்டிருக்கிறது. ஆனால் கட்டுமானத்தில் அது போகும் சுவரின் முகத்தோடு நின்றுவிடுகிறது. முகத்திலிருந்து மையம் வரை உள்ள துண்டு போகும் சுவரிலேயே கணக்காகிவிட்டது. எதிர்ப்பக்கம் விடுபட்ட இடம் ஏதும் இல்லை. ஆக அந்தத் துண்டு முழுக்க முழுக்க அதிகம்.

அந்தத் துண்டின் நீளம் என்ன? போகும் சுவரின் அகலத்தில் பாதி. உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதுதான் விடை. கழிக்க வேண்டியது முட்டும் சுவரின் பாதி அகலம் இல்லை, முட்டப்படும் சுவரின் பாதி அகலம். எல்லாச் சுவரும் ஒரே தடிமன் என்றால் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் பலர் இதைக் கவனிக்காமலே காலம் தள்ளுகிறார்கள். தடிமன் மாறும் வீட்டில் போய் மாட்டிக்கொள்வார்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது உங்கள் வீடு. நீங்கள் அளவு முழுவதும் தரவில்லை, ஆனால் 56.3 மீட்டருக்குப் பொருந்தும்படி நான் இப்படி எடுத்துக்கொள்கிறேன். நடுச்சுவர் முன்பக்கச் சுவரின் மையத்திலிருந்து 4.5 மீ தள்ளி, 10 மீ நீளத்துக்கு இடமிருந்து வலம் போகிறது. அதற்குப் பின்னால் 3.5 மீ. முன்பக்கக் குறுக்குச் சுவர் இடது ஓரத்திலிருந்து 6 மீட்டரில். பின்பக்கம் 4 மீட்டரில் ஒன்று, 6 மீட்டரில் ஒன்று. ஆக 6 மீட்டரில் முன்னும் பின்னும் இரண்டு குறுக்குச் சுவர்களும் நடுச்சுவரில் நேருக்கு நேர் சந்திக்கின்றன. இந்த இடத்தை நினைவில் வையுங்கள், வம்பு அங்கேதான்.

வரைபடத்தில் பெரும்பாலும் அறையின் உள்ளளவுதான் இருக்கும். முன் இடது அறை 5.7 × 4.2 என்று எழுதியிருந்தால், இருபக்கச் சுவரிலும் பாதி பாதி, 0.15 + 0.15, சேர்த்து 6.0 × 4.5 ஆக்க வேண்டும். அப்புறம் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் 6 + 4 = 10. பின்பக்கம் 4 + 2 + 4 = 10. இரண்டும் ஒன்றாக வராவிட்டால் அங்கேயே நின்று தேடுங்கள், மேலே போகாதீர்கள்.

```
L = 2 × (10.0 + 8.0) + 10.0 + 4.5 + 2 × 3.5 = 57.5 m
```

இந்த 57.5 மீட்டர்தான் மாறாதது. இனி கழிவு. சந்திப்புகளை எண்ண வேண்டும், அதில்தான் தடுமாற்றம் வருகிறது. டி சந்திப்பு எத்தனை, கூட்டல் குறி மாதிரி வரும் சந்திப்பு எத்தனை, அதற்கு ஒன்றா இரண்டா என்று குழம்புவதைவிட எனக்கு ஒரு வழி பழக்கம். சந்திப்புகளை எண்ணுவதில்லை, இன்னொரு சுவரின் விலாவில் முட்டி நிற்கும் முனைகளை எண்ணுகிறேன். பென்சிலை எடுத்து ஒவ்வொரு உள்சுவரின் முனையிலும் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

நடுச்சுவருக்கு இரண்டு முனை, இரண்டும் வெளிச்சுவரில் முட்டுகின்றன. முன் குறுக்குச் சுவர் ஒரு பக்கம் முன்சுவரில், மறுபக்கம் நடுச்சுவரில், ஆக இரண்டு. பின் குறுக்குச் சுவர்கள் இரண்டுக்கும் ஆளுக்கு இரண்டு, மொத்தம் நான்கு. எல்லாம் சேர்த்து 8.

6 மீட்டரில் உள்ள அந்தக் கூட்டல் குறிச் சந்திப்பு இதற்குள் தானாக இரண்டாக எண்ணப்பட்டுவிட்டது. முன்னிருந்து வந்த முனை ஒன்று, பின்னிருந்து வந்த முனை ஒன்று. முன்னும் பின்னும் ஒரே சுவராகப் போகிறது, நடுச்சுவர்தான் அதில் வெட்டுப்படுகிறது என்று நீங்கள் எடுத்துக்கொண்டாலும் இரண்டுதான். அப்போது நடுச்சுவர் இரண்டு துண்டாகி, அந்த இரண்டு முனைகள் முட்டும். இதை ஒரு சந்திப்பு என்று ஒரு முறை மட்டும் கழிப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. நானே ஆரம்ப காலத்தில் அப்படிச் செய்து, அளவுப் புத்தகத்தை ஒரு பெரியவர் திருப்பிக் கொடுத்தார். என்ன தப்பு என்று அவர் சொல்லவில்லை. "எத்தனை ரூம்?" என்று மட்டும் கேட்டார். வீட்டுக்குப் போய் யோசித்த பிறகுதான் அவர் ஏன் அதைக் கேட்டார் என்று புரிந்தது.

அறைகளின் எண்ணிக்கைக்கும் முட்டும் முனைகளின் எண்ணிக்கைக்கும் நேரான தொடர்பு இருக்கிறது. வெளிச்சுவர் மட்டும் இருக்கும்போது ஒரே அறை, முட்டும் முனை சுழியம். உள்ளே ஒரு சுவர் வைத்தால் ஓர் அறை கூடும், முனை இரண்டு கூடும். இன்னொன்று வைத்தால் மறுபடி ஓர் அறை, இரண்டு முனை. சுவர் எங்கே வந்தாலும், நேருக்கு நேர் நின்றாலும் தள்ளி நின்றாலும், இது மாறுவதில்லை.

```
n = 2 × (R − 1)
```

R என்பது நான்கு பக்கமும் சுவரால் அடைபட்ட இடங்களின் எண்ணிக்கை. உங்களுக்கு 5, ஆகவே n = 8. கதவு இருப்பதால் அறை திறந்துவிடாது, ஏனென்றால் கதவுக்குக் கீழேயும் சுவரும் அஸ்திவாரமும் தொடர்கின்றன. எண்ணிக்கை ஒற்றைப்படையில் வந்தால் வரைபடத்தைத் திரும்பப் பார்க்கக்கூட வேண்டாம், எங்கேயோ தப்பு என்று அப்போதே சொல்லிவிடலாம். அன்றைக்கு நான் எழுதியிருந்தது 9.

இதற்கு ஒரே விலக்கு, முட்டாமல் அந்தரத்தில் நிற்கும் முனை. ஹாலுக்கும் சாப்பாட்டு இடத்துக்கும் நடுவே முக்கால் மீட்டர், ஒரு மீட்டர் மட்டும் நீட்டி நிறுத்தும் சுவர் மாதிரி. அது அறையைக் கூட்டாது, ஆனால் ஒரு முனை முட்டுகிறது. அதனால் அப்படி ஒவ்வொரு அந்தர முனைக்கும் n இல் ஒன்று சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, இப்போது நீளங்கள். எல்லாம் ஒரே L, ஒரே n, அகலம் மட்டும் மாறுகிறது. அடிப்படி 60 செ.மீ, பேஸ்மென்ட் சுவர் 45 செ.மீ என்று வைத்துக்கொள்கிறேன்.

```
நீளம் = L − n × B/2

B = 0.90   57.5 − 8 × 0.45  = 53.9
B = 0.60   57.5 − 8 × 0.30  = 55.1
B = 0.45   57.5 − 8 × 0.225 = 55.7
B = 0.30   57.5 − 8 × 0.15  = 56.3
```

கடைசி வரிதான் உங்கள் 56.3. பள்ளத்துக்கு வேண்டியது முதல் வரி. 53.9 × 0.9 × 1.0 = 48.51. நண்பரின் விடை. நீங்கள் ஒவ்வொரு முனையிலும் 0.45 கழிக்க வேண்டிய இடத்தில் 0.15 கழித்தீர்கள். முனைக்கு 0.30 மீ மிச்சம், எட்டு முனைக்கு 2.4 மீ, அதை 0.9 ஆல் பெருக்கினால் 2.16 கன மீட்டர். 50.67 இலிருந்து 48.51 ஐக் கழித்தாலும் அதே 2.16 தான்.

அகலம் கூடக் கூட நீளம் குறைகிறது என்பது முதலில் பார்ப்பவருக்குக் கொஞ்சம் விசித்திரமாகப் படும். பள்ளத்தின் பக்கம் நின்று பார்த்தால் புரியும். நடுச்சுவருக்கான பள்ளத்தை வெட்டிக்கொண்டே வருகிறீர்கள். வெளிச்சுவரின் மையத்துக்கு 45 செ.மீ முன்னாலேயே மண் தீர்ந்துவிடுகிறது, வெளிச்சுவரின் பள்ளம் திறந்து கிடக்கிறது. அதற்கு மேல் வெட்ட என்ன இருக்கிறது? அதே இடத்தில் மேலே சுவர் கட்டும்போது மையத்துக்கு 15 செ.மீ வரை செங்கல் வைத்துக்கொண்டு போகலாம். கீழே முன்னதாகவே முடிகிறது, மேலே கொஞ்சம் தள்ளி முடிகிறது.

கழிக்காமலே விட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடலாம். மேல் சுவரில் ஒரு மீட்டர் உயரத்துக்கு 17.25 வரும், சரியானது 16.89. வித்தியாசம் இரண்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். பள்ளத்திலோ 51.75 வரும், சரியானது 48.51. கிட்டத்தட்ட ஏழு சதவீதம். பிழை அகலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, n × B²/2. அகலம் மூன்று மடங்கானால் பிழையின் பரப்பு ஒன்பது மடங்காகும். அதனால் மேல் சுவரில் "பரவாயில்லை" என்று விட்ட பழக்கம் மண் வேலையிலும் கான்கிரீட்டிலும் வந்து உதைக்கும். சிறு சிறு அறைகள் நிறைய உள்ள வீட்டில், அகலமான அஸ்திவாரத்தில், இது இன்னும் மோசம்.

நண்பரின் முறையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் நல்லதுதான். அவர் முன், பின் சுவர்களை நெடுஞ்சுவராக எடுத்து 10.9, 10.9 போட்டிருப்பார். பக்கச் சுவர்கள் 7.1, 7.1. நடுச்சுவர் 9.1. முன் குறுக்குச் சுவர் 3.6. பின் குறுக்குச் சுவர்கள் 2.6, 2.6. கூட்டினால் 53.9. அவர் ஒவ்வொரு சுவருக்கும் ஒவ்வொரு அகலத்துக்கும் திரும்பத் திரும்ப எழுத வேண்டியதை நீங்கள் ஒரே வரியில் எழுதுகிறீர்கள், அவ்வளவுதான் வேறுபாடு.

இன்னொரு சோதனை எனக்கு அதைவிடப் பிடிக்கும், ஏனென்றால் அதில் சந்திப்பே வராது. வெளி அளவின் பரப்பிலிருந்து அறைகளின் உள்பரப்பைக் கழித்தால் மிஞ்சுவது சுவர். வெளியே 10.3 × 8.3 = 85.49. உள்ளே 5.7 × 4.2, 3.7 × 4.2, பின்பக்கம் 3.7 × 3.2 இரண்டு, 1.7 × 3.2 ஒன்று. மொத்தம் 68.60. மிச்சம் 16.89 ச.மீ. நம் கணக்கில் 56.3 × 0.3, அதே 16.89. பள்ளத்துக்கும் இதைச் செய்யலாம். வெளி விளிம்பு 10.9 × 8.9 = 97.01, நடுவில் வெட்டாமல் நிற்கும் ஐந்து மண் திட்டுகள் சேர்ந்து 48.50, மிச்சம் 48.51. கடைசி இலக்கம் வரை ஒத்துப்போக வேண்டும். தோராயமாக ஒத்துப்போனால் தப்பு இருக்கிறது என்று அர்த்தம், ஏனென்றால் இரண்டுமே துல்லியமான முறைகள்தான், எதிலும் தோராயம் இல்லை.

இனி தடிமன் மாறும் வீடு. பின்பக்கம் 4 மீட்டரில் உள்ள குறுக்குச் சுவரை மட்டும் 15 செ.மீ தடுப்புச் சுவராக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது மொத்தத்தையும் ஒரே சூத்திரத்தில் போட முடியாது, தடிமன் வாரியாகப் பிரிக்க வேண்டும். 30 செ.மீ சுவர்களின் மையக்கோடு 57.5 − 3.5 = 54.0 மீ. அவற்றின் முட்டும் முனைகள் 6. நிகர நீளம் 54.0 − 6 × 0.15 = 53.1, பரப்பு 15.93. தடுப்புச் சுவர் 3.5 மீ. அதன் இரண்டு முனைகளும் 30 செ.மீ சுவரில் முட்டுகின்றன. முட்டப்படும் சுவரின் பாதி என்றால் முனைக்கு 0.15, ஆக 3.2 மீ. பரப்பு 0.48. இரண்டும் சேர்ந்து 16.41. உள்பரப்புச் சோதனையிலும் 85.49 − 69.08 = 16.41 என்றே வருகிறது.

இங்கே தடுப்புச் சுவரின் சொந்தப் பாதி, 0.075, கழித்தால் நீளம் 3.35 வரும். அறையின் உள்ளளவு 3.2 மீ. 3.2 மீ இடைவெளியில் 3.35 மீ சுவரை எப்படி நிறுத்துவது? எந்த அகலத்தைக் கழிப்பது என்று சந்தேகம் வரும்போதெல்லாம் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். முட்டும் சுவரின் நிகர நீளம் அந்த இடத்தின் உள்ளளவோடு சரியாகப் பொருந்த வேண்டும்.

இதோடு இன்னொன்று ஒட்டிக்கொண்டு வரும். தடுப்புச் சுவருக்குப் பல நேரம் தனி அஸ்திவாரம் இருக்காது, தரைக் கான்கிரீட்டின் மேலேயே எழுப்பிவிடுவார்கள். அப்படியானால் பள்ளத்தைக் கணக்கிடும்போது அந்தச் சுவர் L இல் வரக்கூடாது, அதன் இரண்டு முனைகளும் n இல் வரக்கூடாது. மண்ணுக்குள் அது நாலு அறை வீடு. 54.0 − 6 × 0.45 = 51.3 மீ. ஆக L மாறாதது என்று நான் மேலே சொன்னதற்கு, எல்லா மட்டத்திலும் அதே சுவர்கள் இருக்கும் வரை என்று ஒரு வாலும் உண்டு.

மையக்கோடே நகரும் இடம் இன்னொன்று. 45 செ.மீ பேஸ்மென்ட் சுவரின் நட்டநடுவில் 30 செ.மீ சுவர் உட்கார்ந்தால் இரண்டுக்கும் ஒரே மையம். ஆனால் வெளிமுகம் ஒரே மட்டத்தில் வர வேண்டும் என்று சுவரை வெளிப்பக்கம் தள்ளிக் கட்டினால், மேல் சுவரின் மையம் 7.5 செ.மீ வெளியே போய்விடும். நான்கு பக்கமும் அப்படியென்றால் வெளிச் சுற்றின் மையக்கோடு 8 × 0.075, அதாவது 0.60 மீ கூடும். வெளிச்சுவரைத் தொடும் உள்சுவர்களும் தொடும் ஒவ்வொரு முனைக்கும் 7.5 செ.மீ நீளும். மனை எல்லையை ஒட்டிக் கட்டும்போதும் இதேதான், ஆனால் அங்கே நகர்வது சுவர் இல்லை, அஸ்திவாரம். அஸ்திவாரம் எல்லையைத் தாண்டக்கூடாது என்பதால் அதை உள்ளே தள்ளுவார்கள், மேல் சுவர் ஓரத்தில் நிற்கும். இப்படிப்பட்ட வீட்டில் ஒவ்வொரு மட்டத்துக்கும் L ஐப் புதிதாக எடுங்கள். குறுக்கு வெட்டுப் படத்தை ஒரு முறை பார்த்தாலே மையம் நகர்கிறதா என்று தெரிந்துவிடும்.

அந்தரத்தில் நிற்கும் முனைக்கு முன்பே n இல் ஒன்று கூட்டச் சொன்னேன். அதன் நீளத்திலும் கவனம் வேண்டும். ஹாலுக்குள் 0.90 மீ நீட்டி நிற்கும் ஒரு சுவர் என்றால், மையக்கோட்டில் 1.05 மீ. மேல் சுவருக்கு 0.15 கழித்தால் 0.90, சரி. பள்ளத்துக்கு 0.45 கழித்து 0.60 என்று நிறுத்திவிடாதீர்கள். அந்தர முனைப் பக்கமும் அஸ்திவாரம் சுவரைத் தாண்டி வெளியே வர வேண்டும், 90 இலிருந்து 30 போக மீதியில் பாதி, 30 செ.மீ. அதைச் சேர்த்தால் மறுபடி 0.90. இந்த நீட்டலை எழுத மறந்து, கொத்தனார் வந்து "சுவர் முனைக்குக் கீழே கான்கிரீட்டே இல்லையே" என்று கேட்ட சம்பவமும் உண்டு.

கடைசியாக, இந்த முறை கைவிடும் ஓர் இடம். உங்கள் பின்பக்க நடு அறை மையத்துக்கு மையம் 2 மீ. பள்ளம் 0.9 போக நடுவே 1.1 மீ மண் திட்டு நிற்கும், பிரச்சினை இல்லை. அதே இடத்தில் ஒரு குறுகலான கழிப்பறை, மையத்துக்கு மையம் 1.1 மீ என்று வையுங்கள். திட்டு 20 செ.மீ தான் மிஞ்சும். சூத்திரம் சரியான விடையைத்தான் தரும், ஆனால் அந்த 20 செ.மீ மண் நிற்காது, வெட்டும்போதே சரியும், இல்லாவிட்டால் ஆட்களே அதையும் சேர்த்து அள்ளிவிடுவார்கள். 0.9 மீட்டருக்கும் கீழே போனால் இரண்டு பள்ளங்களும் ஒன்றின் மேல் ஒன்று விழும். அப்போது சூத்திரமே கூட்டிக் காட்டும், ஏனென்றால் அந்த ஒட்டுப் பகுதி டி சந்திப்பில் வருவது இல்லை. அந்த அறையை மட்டும் தனியாக எடுத்து ஒரே குழியாக, நீளம் × அகலம் × ஆழம் என்று எழுதிவிட்டு, மீதி வீட்டுக்கு மையக்கோட்டைப் போடுங்கள்.

உங்கள் எஸ்டிமேட்டில் இப்போதைக்குத் திருத்த வேண்டியது பள்ளம், அதன் அடியில் வரும் கான்கிரீட், அடிப்படி, பேஸ்மென்ட் சுவர் ஆகியவற்றின் நீளங்கள். பள்ளத்துக்கும் கான்கிரீட்டுக்கும் ஒரே 90 செ.மீ அகலம் என்றால் இரண்டுக்கும் 53.9 போதும். மேல் சுவரின் 56.3 அப்படியே இருக்கட்டும். அதில் கதவு ஜன்னல் திறப்புகளை நீளத்தில் கைவைக்காமல் கன அளவிலிருந்து தனியாகக் கழியுங்கள்.